செய்முறைத் தேர்வில் கைத்திறனுக்கு மதிப்பெண்: இங்கிலாந்துப் பள்ளிகளின் வரலாறு

பள்ளி அறிவியல் செய்முறைத் தேர்வில் பொதுவாக நான்கு திறன்கள் மதிப்பிடப்படுகின்றன. கருவிகளைக் கையாளுதல், உற்றுநோக்கல், முடிவுகளைப் பதிவு செய்தல், பாதுகாப்பு ஆகியவை அவை. இவற்றுள் பதிவு மட்டுமே தாளில் தங்குகிறது. மாணவர் பிப்பெட்டை எப்படிப் பிடித்தார், நிறம் மாறிய கணத்தைக் கண்டாரா, கண்ணாடி அணிந்திருந்தாரா என்பவையெல்லாம் நடந்த மறுநொடியே மறைந்துவிடுகின்றன. மறைந்துபோகும் ஒன்றுக்கு நியாயமாக மதிப்பெண் வழங்குவது எப்படி என்ற கேள்விக்கு இங்கிலாந்தின் தேர்வு வாரியங்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக விடை தேடின. ஒவ்வொரு விடையும் ஒரு குறையை நீக்கி வேறொரு குறையைக் கொண்டுவந்தது. கடைசியில் 2014-ஆம் ஆண்டு, உயர்நிலைத் தேர்வின் தரநிலையிலிருந்தே செய்முறை மதிப்பெண்ணை நீக்குவது என்று முடிவாயிற்று.

முடிவை வைத்துக் கையை அளந்த காலம்

மாணவர் தம் கையால் செய்து கற்க வேண்டும் என்ற வாதத்தை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வலுவாக முன்வைத்தவர் வேதியியலாளர் ஹென்றி எட்வர்டு ஆர்ம்ஸ்ட்ராங் (1848–1937). அவர் வலியுறுத்திய கண்டறி முறையில் ஆசிரியர் விடையைச் சொல்லமாட்டார். மாணவரே சோதனை செய்து கண்டுபிடிக்க வேண்டும். அந்த முறை முழு வடிவில் நிலைக்கவில்லை. ஆனாலும் பள்ளிகளில் ஆய்வகம் நிலைத்தது. ஆய்வகம் வந்தபின் அதற்கென ஒரு தேர்வும் வேண்டியிருந்தது.

1951-இல் பொதுக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு சாதாரண நிலை, உயர்நிலை என இரு படிகளாக அறிமுகமானது. அதன் அறிவியல் பாடங்களில் செய்முறைத் தேர்வு தனித் தாளாக நடந்தது. தேர்வு வாரியம் தேர்வுக்குச் சில வாரங்கள் முன்பே ஒவ்வொரு பள்ளிக்கும் இரகசிய அறிவுறுத்தலை அனுப்பும். எந்தக் கரைசலை எந்தச் செறிவில் தயாரிக்க வேண்டும், ஒருவருக்கு எத்தனை குடுவைகள் வேண்டும் என்பவை அதில் இருக்கும். பட்டியலைப் பார்த்த ஆசிரியர் சோதனை இன்னதென்று ஊகித்துவிடுவது கடினமன்று. தேர்வன்று மாணவர் சோதனையைச் செய்து அட்டவணையை எழுதித் தருவார். அந்தத் தாள் அஞ்சலில் தொலைவிலுள்ள தேர்வாளரிடம் போகும். மாணவரின் கையை அவர் ஒருபோதும் பார்ப்பதில்லை.

அப்படியானால் அவர் எதற்கு மதிப்பெண் வழங்கினார்? கை நன்றாக இயங்கியிருந்தால் முடிவு சரியாக இருக்கும் என்ற நம்பிக்கையே அடிப்படை. தேர்வு நடக்கும் வேளையில் மேற்பார்வை செய்யும் ஆசிரியர், மாணவர் பார்வையில் படாமல், அதே கரைசல்களைக் கொண்டு அதே சோதனையைச் செய்து தம் அளவையும் தாளுடன் அனுப்புவார். மாணவரின் அளவு ஆசிரியரின் அளவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே துல்லியத்துக்கான மதிப்பெண்ணைத் தீர்மானித்தது. வாரியம் குறித்த செறிவை அளவுகோலாகக் கொள்ளாமல் ஆசிரியரின் அளவைக் கொண்டதற்குக் காரணம் உண்டு. ஒரு பள்ளியில் கரைசல் சற்று நீர்த்துப்போயிருந்தால் அது மாணவரின் பிழையாகிவிடக் கூடாது. கேம்பிரிட்ஜ் வாரியம் வெளிநாடுகளில் நடத்தும் உயர்நிலைத் தேர்வில் இந்த வழக்கம் தொடர்ந்தது. தமிழ்நாட்டு மேல்நிலைத் தேர்வில் வேறொரு பள்ளியிலிருந்து புறத்தேர்வாளர் நேரில் வந்து ஆய்வகத்தில் நிற்பதால், இங்குள்ள வாசகருக்கு அஞ்சல்வழிச் செய்முறைத் தேர்வு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் இங்கும் சூத்திரம், காட்சிப்பதிவு, கணக்கீடு, முடிவு என மதிப்பெண்ணின் பெரும்பகுதி எழுதப்பட்டவற்றுக்கே போகிறது என்பதை மறக்கலாகாது.

ஒரு தரம்பார்த்தல், மூன்று மாணவர்கள்

இம்முறையின் பலமும் பலவீனமும் ஒரு கற்பனை எடுத்துக்காட்டில் நன்கு புலப்படும். பிப்பெட்டால் 25 மி.லி. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை எடுத்துக் கூம்புக் குடுவையில் விட்டு, மீத்தைல் ஆரஞ்சு நிறங்காட்டியைச் சேர்த்து, பியூரெட்டிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம்பார்க்க வேண்டும் என்பது வினா. மேற்பார்வை ஆசிரியர் பெற்ற அளவு 24.80 மி.லி. வேறுபாடு 0.20-க்குள் இருந்தால் துல்லியத்துக்கு 3 மதிப்பெண், 0.40-க்குள் 2, 0.60-க்குள் 1 என்று அளவுகோல் இருப்பதாகக் கொள்வோம்.

துல்லியத்தைப் பார்க்கும் முன் தேர்வாளர் அட்டவணையைப் பார்ப்பார். பியூரெட்டில் 0.1 மி.லி.க்கு ஒரு கோடு உண்டு. இரு கோடுகளுக்கு நடுவே பாதியை மதிப்பிட்டு 0.05 வரை எழுத வேண்டும். எனவே ஒவ்வோர் அளவும் இரண்டு தசம இடங்களுடன், 0 அல்லது 5 என்ற இலக்கத்தில் முடிய வேண்டும். 24.8 என்று எழுதினால் பதிவுக்கான மதிப்பெண் போய்விடும். தொடக்க அளவை 50.00 என்று எழுதியவர் பியூரெட்டைக் கீழிருந்து மேலாகப் படித்துவிட்டார் என்பதும் உடனே தெரிந்துவிடும், ஏனெனில் பியூரெட்டின் சுழி மேலே இருக்கிறது. மாதிரி அளவை நீக்கிவிட்டு, ஒன்றுக்கொன்று 0.10-க்குள் ஒத்துப்போகும் இரண்டு அளவுகள் கிடைத்தனவா, சராசரிக்கு அந்த இரண்டை மட்டும் எடுத்தாரா என்பவை அடுத்த சோதனைகள். இதுவரை எல்லாம் நன்று. ஒரு தாளை வைத்துக்கொண்டு இவ்வளவு கண்டுபிடிக்க முடிவது இம்முறையின் சாதனையே.

முதல் மாணவர் பிப்பெட்டில் கரைசலை வாயால் உறிஞ்சினார். புனலைப் பியூரெட்டின் மேலேயே விட்டுவிட்டார். பாதுகாப்புக் கண்ணாடி மேசையில் கிடந்தது. நல்ல வேளையாகப் புனலிலிருந்து சொட்டு விழவில்லை; வாய்க்குள்ளும் காரம் போகவில்லை. அவருடைய அளவுகள் 24.75, 24.85, சராசரி 24.80. துல்லியத்துக்கு முழு மதிப்பெண்.

இரண்டாம் மாணவர் ஒவ்வொன்றையும் பொறுமையாகச் செய்தார். கண்ணாடி அணிந்தார், புனலை எடுத்தார், முடிவுநிலை நெருங்கியதும் சொட்டுச் சொட்டாக விட்டார். ஒரே ஒரு பிழை செய்தார். கூம்புக் குடுவையைக் காய்ச்சி வடித்த நீரால் மட்டும் அலசாமல், பியூரெட்டையும் பிப்பெட்டையும் அலசுவதுபோல, அதில் ஊற்றப்போகும் காரக் கரைசலாலேயே அலசினார். சுவரில் சுமார் 0.5 மி.லி. காரம் ஒட்டி நின்றது. குடுவைக்குள் இப்போது 25-க்குப் பதில் 25.5 மி.லி. காரம் இருக்கிறது. அது 2 விழுக்காடு கூடுதல். அமிலமும் 2 விழுக்காடு கூடுதலாகச் செலவாகும். அவர் ஒவ்வொரு முறையும் இப்படியே அலசியதால் அளவுகள் 25.25, 25.35 என அழகாக ஒத்துப்போயின, சராசரி 25.30. ஒத்திசைவுக்கு முழு மதிப்பெண்ணும் துல்லியத்துக்கு 1 மதிப்பெண்ணும் பெறுவார். வேறுபாடு 0.50 என்று தேர்வாளருக்குத் தெரியும். அது குடுவையை அலசியதால் வந்ததா, பியூரெட்டின் நுனியில் நின்ற காற்றுக்குமிழி வெளியேறியதால் வந்ததா, நிறம் ஆரஞ்சைக் கடந்து சிவந்தபின் நிறுத்தியதால் வந்ததா என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

மூன்றாம் மாணவர் ஒருமுறை தரம்பார்த்தார். பக்கத்து மேசையிலிருந்து கசிந்த எண்ணைக் கேட்டு, மற்ற இரு வரிகளையும் 24.80, 24.80 என்று நிரப்பினார். அவருக்கும் முழு மதிப்பெண்.

மூன்று தாள்களில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றது மிகுந்த கவனத்துடன் வேலை செய்தவரின் தாளே. இரண்டாம் மாணவரின் பிழை உண்மையான பிழைதான். அதற்கு மதிப்பெண் குறைவதில் தவறில்லை. ஆனால் முதல் மாணவரின் ஆபத்தான பழக்கத்துக்கும் மூன்றாம் மாணவரின் பொய்க்கும் இம்முறையில் எந்த விலையும் இல்லை. பாதுகாப்பைப் பொறுத்தவரை அஞ்சல்வழித் தேர்வு முற்றிலும் குருடு.

ஆசிரியரின் கண்

தாள் காணாததை உடனிருக்கும் ஆசிரியர் காண்பாரே என்பது அடுத்த விடை. 1960-களில் நஃபீல்டு அறக்கட்டளையின் நிதியுதவியுடன் உருவான புதிய அறிவியல் பாடத்திட்டங்கள் இதற்கு வழி திறந்தன. அவற்றின் உயர்நிலை வேதியியலில் ஒருநாள் தேர்வுக்குப் பதிலாக, பாட வேலையின் ஊடே ஆசிரியரே மாணவரின் செய்முறைத் திறனை மதிப்பிட்டார்.

இதில் உள்ள சிக்கல் ஆய்வகத்தில் நின்ற எவருக்கும் தெரியும். இருபது பேர் ஒரே நேரத்தில் தரம்பார்க்கிறார்கள். ஒருவர் பிப்பெட்டில் கரைசலை அடையாளக் கோட்டுக்குக் கொண்டுவரும் கணம் சில நொடிகளே. அந்தக் கணத்தில் ஆசிரியர் வேறொருவருடைய உடைந்த குடுவையைப் பெருக்கிக்கொண்டிருப்பார். பார்க்காத ஒன்றுக்கு மதிப்பெண் வழங்க நேரும்போது, அந்த மாணவரைப் பற்றி ஏற்கெனவே மனத்தில் உள்ள எண்ணமே மதிப்பெண்ணாகிவிடும். எழுத்துத் தேர்வில் முதலாவதாக வருபவர் செய்முறையிலும் நன்றாகத்தான் செய்திருப்பார் என்று தோன்றும்.

1980-களில் இரண்டு முயற்சிகள் இதைச் சீர்செய்ய முயன்றன. ஸ்காட்லாந்தில் ஜோர்டன்ஹில் கல்வியியல் கல்லூரியில் உருவான மதிப்பீட்டுத் தொகுப்பு ஒன்று, செய்முறையைச் சிறு சிறு அடிப்படைத் திறன்களாகப் பிரித்தது. ஒரு நீளத்தை அளத்தல், ஒரு கருவியைப் படித்தல், ஒரு மாற்றத்தைக் கண்டு எழுதுதல் என ஒவ்வொன்றும் தனித்தனிச் சோதனை. முடிந்தவரை ஒவ்வொன்றும் பின்னர் சரிபார்க்கத்தக்க ஒரு தடயத்தை விட்டுச்செல்லும்படி அமைக்கப்பட்டது. எடுத்துக்காட்டாக, மாணவர் அளந்து ஊற்றிய நீரை ஆசிரியர் திரும்ப அளந்தால் போதும். ஊற்றும்போது அருகில் நிற்க வேண்டியதில்லை. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் 1980 முதல் 1984 வரை செயல்திறன் மதிப்பீட்டுப் பிரிவு என்ற அரசு அமைப்பு 11, 13, 15 வயது மாணவரிடையே அறிவியல் ஆய்வுகளை நடத்தியது. கருவிகளையும் அளவிகளையும் பயன்படுத்துதல், உற்றுநோக்கல் ஆகியவை அதில் தனித்தனிப் பிரிவுகள். மாணவர் மேசைக்கு மேசை நகர்ந்து, ஒவ்வோரிடத்திலும் சில நிமிடங்களில் ஒரு சிறு வேலையை முடிப்பார்.

இந்த ஆய்வுகள் சங்கடமான ஓர் உண்மையையும் வெளிக்கொணர்ந்தன. ஒரே திறன் என்று கருதப்பட்டது, சோதனையின் பொருள் மாறியதும் வேறு அளவில் வெளிப்பட்டது. ஒரு வேலையில் நன்றாக உற்றுநோக்கியவர் இன்னொன்றில் நன்றாக உற்றுநோக்குவார் என்று சொல்ல முடியவில்லை. அப்படியானால் ஒரே ஒரு சோதனையை வைத்து ஒருவருக்கு உற்றுநோக்கலில் இத்தனை மதிப்பெண் என்று கூறுவது எவ்வளவு நம்பத்தக்கது?

முப்பது மதிப்பெண்ணுக்கு ஒரு வாய்பாடு

1988-இல் பதினாறு வயதினருக்கான புதிய பொதுத் தேர்வு முதன்முதலாக நடந்தபோது, ஆசிரியர் மதிப்பிடும் செய்முறைப் பணி எல்லா மாணவருக்கும் உரியதாயிற்று. தேசியப் பாடத்திட்டம் வந்தபின் அது முழு ஆய்வு என்ற வடிவை எடுத்தது. 1990-களின் நடுவில் நான்கு கூறுகள் நிலைபெற்றன. திட்டமிடலுக்கு 8, சான்று திரட்டலுக்கு 8, பகுப்பாய்வுக்கு 8, மதிப்பாய்வுக்கு 6 என மொத்தம் 30 மதிப்பெண். கருவியைக் கையாளுதல், உற்றுநோக்கல், பதிவு, பாதுகாப்பு ஆகிய நான்கும் பெரும்பாலும் சான்று திரட்டல் என்ற ஒரே கூறுக்குள் அடங்கிவிட்டன. மீதி 22 மதிப்பெண் மேசையில் அமர்ந்து எழுதுவதற்கு.

நடந்தது ஆசிரியர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. உயர்ந்த மதிப்பெண்ணுக்கு என்ன வேண்டும் என்ற விளக்கம் அச்சில் இருந்ததால், அந்த விளக்கத்துக்குப் பாங்காக அமையும் சோதனைகளே பள்ளிதோறும் நடந்தன. கம்பியின் நீளத்தோடு மின்தடை எப்படி மாறுகிறது, தயோசல்பேட்டும் அமிலமும் வினைபுரியும் வேகம், உப்புக் கரைசலில் உருளைக்கிழங்குத் துண்டின் எடை மாற்றம் என மூன்று நான்கு சோதனைகள் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வந்தன. மதிப்பாய்வில் உயர்ந்த மதிப்பெண் பெற, பொருந்தாத அளவுகளைச் சுட்டிக்காட்டி விளக்க வேண்டியிருந்தது. கவனமாகச் செய்து எல்லாப் புள்ளிகளும் நேர்கோட்டில் அமைந்தவருக்கு எழுத ஒன்றும் இருக்காது. ஒரு புள்ளியை வேண்டுமென்றே விலக்கி வைக்கும் தூண்டுதல் அதிலேயே பொதிந்திருந்தது. நல்ல கைத்திறனுக்குத் தண்டனை என்பதைவிடக் கோணலான விளைவைக் கற்பனை செய்வது கடினம். 2002-இல் நாடாளுமன்றத்தின் அறிவியல் தொழில்நுட்பக் குழு, 14 முதல் 19 வயதினரின் அறிவியல் கல்வி பற்றிய அறிக்கையில் இந்தப் பாடப்பணியைக் கடுமையாகக் குறைகூறியது.

அடுத்து வந்தது கட்டுப்படுத்தப்பட்ட மதிப்பீடு. வேலையை வாரியம் தீர்மானிக்கும், எழுதும் பகுதி தேர்வுச் சூழலில் நடக்கும், ஆசிரியர் திருத்துவார், வாரியத்தின் நெறியாளர் சில தாள்களை வரவழைத்துச் சரிபார்ப்பார். அந்த நெறியாளரிடம் போனதும் தாள்தான். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் கதை தொடங்கிய இடத்துக்கே திரும்பியிருந்தது. இப்போது கூடுதலாக, தம் மாணவரின் மதிப்பெண்ணால் தம் பள்ளி அளக்கப்படும் நிலையில் ஆசிரியரே திருத்துபவராக இருந்தார். செய்முறை மதிப்பெண்கள் மேல்முனையில் குவிந்தன. எல்லாரும் உயர்ந்த மதிப்பெண் பெறும்போது அது எவரையும் வேறுபடுத்திக் காட்டுவதில்லை.

எண் இல்லாத மதிப்பீடு

2014 ஏப்ரலில் தேர்வு ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்குவால் தன் முடிவை அறிவித்தது. 2015 செப்டம்பரில் தொடங்கிய புதிய உயர்நிலை உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்களில் செய்முறைக்கு மதிப்பெண் கிடையாது. இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது 12 செய்முறைகளை மாணவர் செய்ய வேண்டும். ஐந்து பொது அளவுகோல்களின்படி ஆசிரியர் அவரைப் பார்த்து வருவார். எழுதப்பட்ட செய்முறையைப் பின்பற்றுதல், ஆய்வு அணுகுமுறையைக் கையாளுதல், கருவிகளையும் பொருள்களையும் பாதுகாப்பாகப் பயன்படுத்துதல், உற்றுநோக்கிப் பதிவு செய்தல், தகவல் தேடி அறிக்கை எழுதுதல் என்பவை அவை. முடிவு தேர்ச்சி அல்லது தேர்ச்சியின்மை மட்டுமே. அது சான்றிதழில் தரநிலைக்கு அருகே தனியாக அச்சாகும்.

மேலே சொன்ன மூன்று மாணவரை இந்த முறையில் நிறுத்திப் பார்க்கலாம். முதல் மாணவர் வாயால் உறிஞ்சிய அன்று மூன்றாம் அளவுகோலில் தேறமாட்டார், முடிவு 24.80 என்பது அவரைக் காப்பாற்றாது. இரண்டாம் மாணவரின் குடுவையை ஆசிரியர் பார்த்துத் திருத்துவார். அடுத்த தரம்பார்த்தலில் அவர் சரியாகச் செய்தால் முதல்முறைப் பிழை கணக்கில் வராது, ஏனெனில் கேட்கப்படுவது ஒருநாள் வெற்றியன்று. எப்போதும் வழக்கமாக அப்படிச் செய்கிறாரா என்பதே. மூன்றாம் மாணவருக்கு எண்ணைத் திருடுவதால் ஆதாயமே இல்லை. ஆய்வகக் குறிப்பேடும் ஆசிரியரின் பதிவும் சான்றாக இருக்கும். வாரியத்தின் கண்காணிப்பாளர் பள்ளிக்கு நேரில் வந்து அவற்றைப் பார்ப்பார், வகுப்பையும் பார்ப்பார்.

பாதுகாப்பை மதிப்பிடுவதில் இருந்த பழைய முடிச்சும் இங்கே சற்றுத் தளர்ந்தது. பாதுகாப்புக்கு எண் வழங்குவது எப்போதுமே தொல்லை. விபத்து நடக்கவில்லை என்பதற்கா மதிப்பெண்? கண்ணாடி அணிவேன் என்று தாளில் எழுதியதற்கா? ஆபத்தைக் கண்டதும் ஆசிரியர் தடுத்தே ஆக வேண்டும், தடுத்தபின் மாணவருக்கு எத்தனை மதிப்பெண் குறைப்பது? எண் இல்லாதபோது ஆசிரியர் தயங்காமல் தலையிட முடிகிறது. அவர் தேடுவது, நீர்த்த அமிலத்துக்கும் செறிந்த அமிலத்துக்கும் வேண்டிய எச்சரிக்கை வெவ்வேறு என்று மாணவர் தாமே அறிந்து நடக்கிறாரா என்பதை.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. தரநிலையில் சேராத ஒன்றுக்குப் பள்ளிகள் நேரமும் பணமும் ஒதுக்குமா என்று அறிவியல் அமைப்புகள் கேட்டன. 2015 தொடக்கத்தில் கல்வி அமைச்சர் நிக்கி மோர்கனே இந்த முடிவை வெளிப்படையாக எதிர்த்துப் பேசினார். ஆஃப்குவால் பின்வாங்கவில்லை. சீர்திருத்தத்துக்கு முன்னும் பின்னும் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மாணவரின் கைத்திறனை அது பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, திறன் குறைந்துவிட்டதாகத் தெரியவில்லை. மிகப் பெரும்பாலான மாணவர் தேர்ச்சி பெறுவதால், அந்தத் தேர்ச்சி சிறந்தவரையும் போதுமானவரையும் பிரித்துக் காட்டாது என்ற குறை அப்படியே நிற்கிறது.

பதினாறு வயதினரின் தேர்வில் அந்தத் தேர்ச்சிக் குறிப்பும் இல்லை. 2018-இல் முதன்முதலாக நடந்த புதிய வடிவில், ஒவ்வோர் அறிவியல் பாடத்திலும் குறைந்தது எட்டுச் செய்முறைகளைச் செய்ததாகப் பள்ளி உறுதியளித்தால் போதும். செய்முறை பற்றிய வினாக்களுக்கு எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 விழுக்காடு மதிப்பெண் ஒதுக்கப்படுகிறது. உயர்நிலையிலும் எழுத்துத் தாளில் இதே பங்கு உண்டு. பியூரெட்டிலிருந்து புனலை ஏன் எடுக்க வேண்டும், தரப்பட்ட நான்கு அளவுகளில் எவற்றைச் சராசரிக்கு எடுப்பாய் என்பன போன்றவை அந்த வினாக்கள். ஓர் அளவீட்டில் 0.05 மி.லி. ஐயம் இருந்தால், தொடக்கம், முடிவு என இரு அளவீடுகளுக்கும் சேர்த்து 0.10, 24.80-இல் அது ஏறத்தாழ 0.4 விழுக்காடு என்று கணக்கிடச் சொல்வார்கள். தரம்பார்த்தவர் இதற்கு விடை எழுதுவார். பியூரெட்டைத் தொடாமல் பாடநூலை மட்டும் படித்தவரும் எழுதலாம்.